தலைப்பிலேயே தீர்ப்பு இருக்க வேண்டும்

சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருமுனைக் காய்கறிக் கடையில் கீரைக்கட்டுக்கு இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை நீட்டினேன். கடைக்காரர் கையை இழுத்துக்கொண்டார். “காயின் வேணாம் சார், நோட்டு இருந்தா குடுங்க.”

“செல்லும்ணே. ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கு” என்றேன்.

அவர் எடைத்தட்டுக்குப் பின்னாலிருந்து கைபேசியை எடுத்து வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருந்த ஒரு செய்தி இணைப்பைக் காட்டினார். “10 ரூபாய் நாணயம் செல்லாதா? ரிசர்வ் வங்கி விளக்கம்” என்று தலைப்பு இருந்தது. “பாருங்க, நியூஸ்லயே போட்டிருக்கான்.”

அவர் அனுமதியோடு அந்த இணைப்பைத் திறந்தேன். உள்ளே தெளிவாக எழுதியிருந்தார்கள்: நாணயம் செல்லும், வதந்தியை நம்ப வேண்டாம். அவர் அதைத் திறக்கவே இல்லை. தலைப்பு மட்டும் அவருக்குப் போதுமானதாக இருந்தது. வதந்தியை மறுக்க ஒருவர் உழைத்து எழுதிய கட்டுரை, அந்தக் கடையில் பல நாட்களாக வதந்திக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விசாரித்திருக்கிறார், ஆதாரத்தைத் தேடியிருக்கிறார், சரியான முடிவுக்கு வந்திருக்கிறார். தலைப்பு எழுதும்போது மட்டும் வழக்கமான செய்திக்கு வைப்பதுபோல் ஒரு கேள்வியைத் தொங்கவிட்டுவிட்டார். மற்றச் செய்திகளில் கேள்வித் தலைப்பு வாசகரை உள்ளே இழுக்கலாம். சரிபார்ப்புக் கட்டுரையில் அது பாதி வேலையைக் கெடுத்துவிடுகிறது. ஏனென்றால், பெரும்பாலானவர்கள் உள்ளே வருவதில்லை. ட்விட்டரில் பகிரப்பட்ட செய்தி இணைப்புகளைப் பற்றி கொலம்பியா பல்கலைக்கழகமும் ஒரு பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், பகிரப்பட்ட இணைப்புகளில் 59 சதவீதம் ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை என்று தெரியவந்தது. காய்கறிக் கடைக்காரர் செய்ததைத்தான் படித்தவர்களும் செய்கிறார்கள்.

அப்படியானால் வதந்தியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல், “பத்து ரூபாய் நாணயங்கள் சட்டப்படி செல்லுபடியாகும்” என்று உண்மையை மட்டும் தலைப்பாக்கினால் ஆகாதா? ஆகாது. சரிபார்ப்புக் கட்டுரைக்கு இரண்டு விதமான வாசகர்கள் இருக்கிறார்கள். ஒருவர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர். மற்றவர் சந்தேகம் வந்து தேடுகிறவர். தேடுகிறவருக்கு உண்மை எது என்று இன்னும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது வதந்தி மட்டுமே. ஆகவே, வதந்தி எந்தச் சொற்களில் காதில் விழுந்ததோ அந்தச் சொற்களைத்தான் தேடல் பெட்டியில் போடுவார். அந்தச் சொற்கள் தலைப்பில் இல்லையென்றால் கட்டுரை அவர் கண்ணில் படுவது சந்தேகம். முதல் வாசகருக்குத் தீர்ப்பு வேண்டும், இரண்டாமவருக்கு வதந்தியின் சொற்கள் வேண்டும். இரண்டும் ஒரே வரியில் இருக்க வேண்டும். சரிபார்ப்புத் தலைப்பின் கஷ்டமெல்லாம் இங்கேதான்.

பத்து ரூபாய் நாணயத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இதைவிடப் பிடிவாதமாக நீடித்த வதந்திகள் குறைவு. ரூபாய்க் குறியீடு 2010இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் வந்த நாணயங்களில் அது கிடையாது, பின்னால் வந்தவற்றில் உண்டு. நாணயத்தின் ஒரு பக்கத்தில் கதிர்போல் விரியும் கோடுகள் சிலவற்றில் 10, சிலவற்றில் 15. தலைவர்களுக்காகவும் நிகழ்வுகளுக்காகவும் வெளியிட்ட நாணயங்கள் வேறு புழக்கத்தில் இருந்தன. ஒரே மதிப்புக்கு இத்தனை முகங்கள் இருந்ததால் சந்தேகம் வந்தது. “10 கோடு உள்ளதுதான் ஒரிஜினல், 15 கோடு உள்ளது டூப்ளிகேட்” என்று ஒரு பேச்சு, “10 ரூபாய் காயினே செல்லாது” என்று இன்னொரு பேச்சு. ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17 அன்று ஓர் அறிக்கை வெளியிட்டது. அதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயங்கள் வந்திருக்கின்றன, எல்லாமே செல்லும், வங்கிக் கிளைகள் அவற்றை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தது.

அந்த ஆங்கில அறிக்கையின் தலைப்பு நாணயங்களின் ‘சட்டப்படி செல்லுபடியாகும் தன்மை’யைப் பற்றிப் பேசியது. அலுவலக மொழிக்கு அது சரி. ஆனால் கையில் நாணயத்தை வைத்துக்கொண்டு பேருந்தில் நிற்கும் யாரும் ‘செல்லுபடியாகும் தன்மை’ என்று தேடப்போவதில்லை. `10 rupees coin selluma` என்று அடிப்பார்கள். தமிழ் விசைப்பலகை உள்ளவர்கள் ‘10 ரூபாய் காயின் செல்லாதா’ என்று அடிப்பார்கள், அல்லது வாயால் கேட்பார்கள். எழுத்துப்பிழையையும் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பதையும் தேடுபொறி ஓரளவு சமாளித்துக்கொள்கிறது. சொல்லே வேறாக இருந்தால் அதற்கும் திண்டாட்டம்தான். ‘காயின்’ என்று ஊரே சொல்லும்போது ‘நாணயம்’ என்று மட்டும் எழுதுவதும், ‘டூப்ளிகேட்’ என்று பரவும்போது ‘போலி’ என்று மட்டும் எழுதுவதும் நல்ல தமிழாக இருக்கலாம். தேடி வருகிறவரைக் கதவு வரை வரவிட்டு வழியை மறைத்ததாகவும் இருக்கும். வதந்தியின் சொல் தலைப்பிலும் நல்ல தமிழ்ச்சொல் முதல் பத்தியிலும் இருக்கட்டும் என்பது என் கட்சி. இணைப்பு முகவரி ஆங்கில எழுத்தில் அமைவதாக இருந்தால் அங்கே `10-rupee-coin-sellum` என்று வைக்கலாம். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்களுக்கு அது ஒரு கூடுதல் வாசல்.

இனி தலைப்பை எழுதிப் பார்ப்போம். கேள்வி வேண்டாம் என்றதும் நம் கை இயல்பாக எழுதுவது இதுதான்: “10 ரூபாய் காயின் செல்லாது என்று சமூக ஊடகங்களில் பரவும் தகவல் உண்மையல்ல”. இலக்கணம் சரி, பொருள் சரி, தீர்ப்பும் இருக்கிறது. ஆனாலும் இது தோற்கும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. ‘இல்லை’, ‘அல்ல’, ‘பொய்’ என்று தீர்ப்புச் சொல்வதெல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் உட்கார்ந்திருக்கும். தேடல் பக்கத்திலும் வாட்ஸ்அப் முன்னோட்டத்திலும் நீண்ட தலைப்புகளின் வால்தான் முதலில் வெட்டுப்படும். மேலே சொன்ன தலைப்பு கைபேசித் திரையில் “10 ரூபாய் காயின் செல்லாது என்று சமூக…” என்று நின்றுவிடும். நாம் மறுக்க வந்த வதந்தி அப்படியே, நம் நிறுவனத்தின் பெயரோடு. ஆங்கிலத்தில் ‘இல்லை’ என்பதை முதல் சொல்லாக வைத்து ஆரம்பிக்கலாம். அமெரிக்காவின் பாலிடிஃபாக்ட் தளம் அப்படி ஏராளமான தலைப்புகள் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்துத் தமிழிலும் “இல்லை, 10 ரூபாய் காயின்…” என்று தொடங்குகிறவர்கள் உண்டு. நம் காதுக்கு அது பாதிப் பேச்சில் நுழைந்ததுபோல் இருக்கிறது. நமக்குத் தோதான வழி வேறு: நீளமான ஒரே வாக்கியத்தை இரண்டு குட்டி வாக்கியங்களாக உடைத்து, தீர்ப்பு உள்ளதை முன்னால் வைப்பது.

இன்னொரு கோளாறும் அந்தத் தலைப்பில் இருக்கிறது. வதந்தியே எதிர்மறை: ‘செல்லாது’. தீர்ப்பும் எதிர்மறை: ‘உண்மையல்ல’. செல்லாது என்பது உண்மையல்ல என்றால் செல்லுமா, செல்லாதா? நிதானமாகப் படித்தால் புரியும். அவசரத்தில் படிப்பவருக்கு இரண்டு எதிர்மறைகளும் சேர்ந்து ‘செல்லாது’ என்ற நினைப்பைத்தான் கொடுக்கும். வதந்தி எதிர்மறையாக இருந்தால் தீர்ப்பை உடன்பாட்டில் சொல்ல வேண்டும்: ‘செல்லும்’. ஒரே சொல், சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆனால் ‘செல்லும்’ என்று மட்டும் எழுதினால் ‘செல்லாது’ என்று தேடுகிறவர்? ஆங்கிலத்தில் எதிர்மறை தனிச்சொல்லாக நிற்கும். தமிழில் அது வினைக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. ‘செல்லும்’, ‘செல்லாது’ இரண்டும் எழுத்தளவில் வேறு வேறு சொற்கள். அதனால் இரண்டும் தலைப்பில் வேண்டும், தீர்ப்பு முதலில், வதந்தி பின்னால். வேற்றுமை உருபுகளையும் கவனிக்க வேண்டும். ‘காயின்களுக்கு’, ‘நாணயங்களைப்’ என்று உருபேற்றி நீட்டாமல், தேடுகிறவர் அடிக்கும் வெறும் வடிவத்தில் வைப்பது நல்லது. இவ்வளவையும் சேர்த்தால் இப்படி ஒரு தலைப்பு கிடைக்கிறது:

“10 ரூபாய் காயின் எல்லாம் செல்லும், செல்லாது என்பது வதந்தி: ரிசர்வ் வங்கி”

இதை எங்கே வெட்டினாலும் ஆபத்தில்லை. ஐந்து சொற்களில் வெட்டினால் “10 ரூபாய் காயின் எல்லாம் செல்லும்”. முழுதாகத் தெரிந்தால் வதந்தி எது, சொன்னது யார் என்பதும் கிடைக்கிறது. ‘சமூக ஊடகங்களில் பரவும்’, ‘இணையத்தில் வைரலாகும்’ போன்றவற்றை வெட்டியதால்தான் இடம் கிடைத்தது. அவற்றை யாரும் தேடுவதில்லை, வதந்தி எங்கே பரவியது என்பது தலைப்பைப் பொறுத்தவரை முக்கியமும் இல்லை.

“14 வகை 10 ரூபாய் காயினும் செல்லும்” என்று எண்ணைப் போட்டால் இன்னும் துல்லியமாக இருக்குமே என்று தோன்றலாம். 2018 ஜனவரியில் அது துல்லியம்தான். 2019இல் புதிய வரிசை நாணயங்கள் அறிவிக்கப்பட்டன. அதற்குப் பிறகு அந்தத் தலைப்பைப் பார்க்கும் ஒருவர் பதினைந்தாவது வகையைச் சந்தேகப்படத் தொடங்குவார். வதந்திகள் திரும்பத் திரும்ப வருகிறவை. அவற்றை மறுக்கும் தலைப்பும் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். காலத்தோடு மாறக்கூடிய எண்ணைத் தேதியோடு கட்டுரைக்குள் வைப்பதே பாதுகாப்பு.

‘எல்லாம் செல்லும்’ என்பதிலும் ஒரு சிக்கல் இல்லாமல் இல்லை. கள்ள நாணயம் அடித்தவர்கள் பிடிபட்டதும் உண்மையே. ரிசர்வ் வங்கி சொன்னது அரசு அச்சிட்ட நாணயங்களைப் பற்றி. ‘10 கோடா, 15 கோடா’ என்பது தனி வதந்தி. அதற்குத் தனிக் கட்டுரையும் தனித் தலைப்பும் வேண்டும்: “10 கோடு, 15 கோடு உள்ள 10 ரூபாய் காயின் இரண்டும் செல்லும்”. இரண்டு வதந்திகளை ஒரே தலைப்பில் கட்டினால் எதற்குத் தீர்ப்பு சொன்னோம் என்பதே குழம்பிப்போகும்.

வதந்தியின் சொற்களைத் தலைப்பில் வைப்பதே அதைப் பரப்பிவிடாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மைபோல் தோன்றத் தொடங்குகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் 1977இலேயே சோதனையில் காட்டியிருக்கிறார்கள். மறுப்பைப் படித்தால் நம்பிக்கை மேலும் இறுகிவிடும் என்றும் 2010 வாக்கில் ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் பல்லாயிரம் பேரை வைத்துச் செய்த சோதனைகளில் அந்த எதிர்விளைவு தென்படவில்லை. ஆய்வாளர்கள் சேர்ந்து 2020இல் வெளியிட்ட மறுப்புக் கையேடு சொல்லும் முறை எளிது: உண்மையை முதலில் சொல், வதந்தியை ஒரே ஒரு முறை, எச்சரிக்கையோடு சொல், எங்கே தவறு என்று விளக்கு, மறுபடி உண்மையில் முடி. நம் தலைப்பில் வதந்தி ஒருமுறைதான் வருகிறது, அதுவும் தீர்ப்புக்குப் பின்னால், ‘என்பது வதந்தி’ என்ற முத்திரையோடு. கேள்வித் தலைப்பில் முத்திரையே கிடையாது.

தீர்ப்புச் சொல்லையும் கவனமாகப் பொறுக்க வேண்டும். ‘பொய்’ என்றால் ஒருவர் தெரிந்தே சொன்னார் என்ற குற்றச்சாட்டு அதில் அடங்கியிருக்கிறது. அதை நிரூபிக்காமல் அந்தச் சொல்லைப் போடக்கூடாது. தகவல் பிழையென்றால் ‘தவறு’. யார் தொடங்கியது என்று தெரியாமல் ஊர் சுற்றுவது ‘வதந்தி’. சரியா தவறா என்று காட்டப் போதிய சான்று கிடைக்காதபோது ‘ஆதாரம் இல்லை’ என்று சொல்வதே நேர்மை. இது தீர்ப்பைத் தள்ளிப்போடுவது ஆகாது, அன்றைக்குக் கிடைத்த தீர்ப்பு அதுதான்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, படமோ வீடியோவோ உண்மையாக இருந்து அதோடு சொல்லப்படும் கதை மட்டும் தவறாக இருக்கும் நிலை. 2023 மார்ச் தொடக்கத்தில் தமிழ்நாடு அதைப் பார்த்தது. பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் வட மாநிலங்களில் வேகமாகப் பரவின. ஹோலிக்கு ஊர் போகும் தொழிலாளர்களால் ரயில்கள் நிரம்பியிருந்த நேரம் அது. அந்தக் கூட்டத்தையே உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்கள் என்று காட்டினார்கள். பீகார் அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்பி விசாரித்தது. அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு வெளியிட்ட மறுப்பில், பரவிய இரண்டு வீடியோக்கள் என்னவென்று சொன்னார். ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் இரண்டு தரப்பாகத் தங்களுக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது.

இந்த வீடியோக்களுக்கு “பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படும் வீடியோ பொய்” என்று தலைப்பு வைத்தால் யாரும் நம்பமாட்டார்கள். ரத்தத்தைக் கண்ணால் பார்த்துவிட்டார்களே. அடிதடி நடந்தது உண்மை, வீடியோவும் ஒட்டுவேலை செய்தது அல்ல. ‘பொய்’ என்று சொல்கிறவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் தோன்றும். இங்கே தீர்ப்பு என்பது ‘பொய்’, ‘உண்மை’ என்ற முத்திரையில் அடங்காது. வீடியோவில் இருப்பது உண்மையில் என்ன என்று சொல்வதே தீர்ப்பு: “திருப்பூர் வீடியோவில் மோதுவது பீகார் தொழிலாளர்களே, தமிழர் தாக்கியதாகப் பரவுவது தவறு”. ஏஎஃப்பி, ராய்ட்டர்ஸ் போன்ற செய்தி முகமைகளின் சரிபார்ப்புப் பிரிவுகள் படங்களுக்கு வைக்கும் தலைப்புகள் பெரும்பாலும் இந்த வகை. எங்கே, எப்போது, யார் என்பதை நிரப்பிவிட்டால் பார்த்த கண்ணும் சமாதானமாகிறது.

அந்த நிகழ்வில் இன்னொரு பாடமும் இருந்தது. அந்த நாட்களில் அதிகம் தவித்தவர்கள் பாட்னாவிலும் தர்பங்காவிலும் பிள்ளைகளின் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருந்த பெற்றோர்கள். அவர்கள் இந்தியில் தேடுவார்கள். நாம் தமிழில் எத்தனை நேர்த்தியாகத் தலைப்பு எழுதினாலும் அவர்கள் அதைப் பார்க்கப்போவதில்லை. வதந்தி எந்த மொழியில் பிறந்ததோ அந்த மொழியிலும் தலைப்பு வேண்டும். அதையும் அந்த மொழிக்காரர் ஒருவர்தான் எழுத வேண்டும். நம் தலைப்பின் மொழிபெயர்ப்பில் அவர்கள் தேடும் சொல் இருக்காது.

இதையெல்லாம் இப்போது வற்புறுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2015இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இயங்கும் செய்தியாளர் ஆய்வகமும் கூகுளும் சேர்ந்து ‘கிளெய்ம் ரிவ்யூ’ என்ற குறியீட்டு முறையை உருவாக்கின. கட்டுரையோடு யார் கண்ணுக்கும் தெரியாமல் வதந்தி என்ன, தீர்ப்பு என்ன என்று குறித்து வைத்தால், தேடல் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே அவை தனியாகத் தெரியும். தலைப்பு மழுப்பலாக இருந்தாலும் கீழே ‘தவறு’ என்று ஒரு வரி காப்பாற்றிக்கொண்டிருந்தது. 2025 ஜூனில், தேடல் பக்கத்தில் அதைக் காட்டுவதை நிறுத்தப்போவதாகக் கூகுள் அறிவித்தது. சரிபார்ப்பாளர்கள் பயன்படுத்தும் தனித் தேடல் கருவிக்கு அந்தக் குறியீடு இன்னும் உதவுகிறது. சாதாரண வாசகருக்கு இனி மிஞ்சுவது தலைப்பு ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் அந்தத் துணை வரி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

கட்டுரையை வெளியிட்ட பிறகு தீர்ப்பு மாறினால் தலைப்பும் மாற வேண்டும், இணைப்பு முகவரி மாறக்கூடாது. முகவரியை மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்தவர்களின் கையில் செத்த இணைப்பு இருக்கும். மாற்றிய தேதியையும் காரணத்தையும் கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

தலைப்பு எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுதிய தலைப்பைக் கைபேசியில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். பாதியைக் கையால் மறைத்துவிட்டு, இந்த விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டி ‘இது நடந்ததா, இல்லையா’ என்று கேளுங்கள். அவர் தயங்கினால் திருத்துங்கள். வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கேள்விக்குறியோடு வரும் சரிபார்ப்பு இணைப்பை அப்படியே அனுப்பாதீர்கள். திறந்து படித்து, தீர்ப்பை உங்கள் சொல்லில் ஒரு வரியாக மேலே எழுதிவிட்டு அனுப்புங்கள். அன்றைக்கு அந்தக் கடைக்காரருக்கு இணைப்பை அனுப்பியவர் மேலே ‘செல்லும்’ என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தால், அவர் என் இருபது ரூபாயை வாங்கிக் கல்லாவில் போட்டிருப்பார்.